ரத்தமே வராத ஈறு: அல்சூர் கிளினிக்குல பார்த்த ஒரு கேஸ்

2023 ஜூலையில ஒரு சனிக்கிழமை சாயந்திரம் 27 வயசுப் பொண்ணு ஒருத்தங்க வந்தாங்க, சொந்த ஊர் வேலூர், இங்க பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்ல ஒரு கம்பெனியில நைட் ஷிஃப்ட், மூணு பொண்ணுங்களா சேர்ந்து வீடு எடுத்து இருக்காங்க. வந்த காரணம் ஒரே ஒரு வரி. "டாக்டர், மசால் வடை கடிச்சேன், கீழ முன்னாடி பல்லு ஆடுற மாதிரி இருந்துச்சு." வலி இல்ல, வீக்கம் இல்ல. நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவங்களா சொன்னாங்க, "ஈறுல ரத்தம்லாம் வந்ததே இல்ல டாக்டர், பிரஷ் பண்ணும்போது கூட வராது, போன வருஷம் ஒரு இடத்துல கிளீனிங் பண்ணினேன், ஈறு நல்லா இருக்குனு தான் சொன்னாங்க."

இந்தக் கேஸ எழுதணும்னு தோணினதே அந்த வார்த்தைக்காகத் தான். ரத்தம் வரல, அதனால ஈறு நல்லா இருக்கு. நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித் தான் நினைக்கறோம், டூத்பேஸ்ட் விளம்பரம் பார்த்துப் பழகினதுல ஈறு நோய்னா பிரஷ்ல சிவப்பா தெரியணும்னு மனசுல பதிஞ்சு போச்சு. புகை பிடிக்கறவங்களுக்கு அது அப்படியே தலைகீழ். (அவங்க அனுமதி வாங்கித் தான் எழுதுறேன், பேரும் ஆள அடையாளம் காட்டற விஷயங்களும் விட்டுட்டேன்.)

வாயைத் திறக்கச் சொன்னேன். முதல்ல கண்ணுல பட்டது நாக்கு நடுவுல ஒரு ஸ்டீல் பார்பெல், மேல ஒரு குண்டு கீழ ஒரு குண்டு. 21 வயசுல, காலேஜ் கடைசி வருஷம், ஃப்ரெண்ட்ஸோட போய் குத்திக்கிட்டது. ஆறு வருஷமா அதே கம்பி. குத்தின இடத்துல "வீக்கம் வடிஞ்சதும் மூணு நாலு வாரத்துல வாங்க, சின்னக் கம்பி மாத்திடலாம்"னு சொல்லித் தான் அனுப்பியிருக்காங்க, அது சரியான அறிவுரை தான், ஏன்னா புதுசா குத்தும்போது நாக்கு நல்லா வீங்கும், அந்த வீக்கத்துக்கு இடம் விடத் தான் முதல்ல நீளமான கம்பி போடறாங்க. ஆனா அதுக்குள்ள எக்ஸாம், அப்புறம் வேலை, பெங்களூர், போகவே இல்ல. பெரும்பாலானவங்க போறதில்ல, நான் பார்த்த நாக்கு பியர்சிங் கேஸ்ல கம்பி மாத்தினவங்களை விட மாத்தாதவங்க தான் அதிகம்.

கழட்டித் தரச் சொல்லி ஸ்கேல் வெச்சு அளந்தேன், தண்டு மட்டும் 19 மில்லிமீட்டர். நாக்கைச் சும்மா வெச்சிருந்தாலே கீழ்க் குண்டு போய் கீழ் முன்பல்லோட உள்பக்கம் முட்டுற நீளம் அது. "இதை பல்லுல தட்டற பழக்கம் உண்டா மா?"னு கேட்டேன். சிரிச்சாங்க. கால் எடுத்துப் பேசும்போது, டிராஃபிக்ல உட்கார்ந்திருக்கும்போது, யோசிக்கும்போது, டக் டக்னு தட்டிக்கிட்டே இருப்பாங்களாம், ரூம்மேட் திட்டுவாங்களாம்.

சின்ன வாய்க்கண்ணாடி வெச்சு கீழ் முன்பல்லோட உள்பக்கம் பார்த்தேன். நடுவுல இருக்கற ரெண்டு பல்லுலயும் ஈறு வி வடிவத்துல கிழிஞ்ச மாதிரி கீழ இறங்கியிருந்துச்சு, வேர் வெளிய தெரிஞ்சுது, அந்த வேர் மேல மஞ்சளும் கறுப்புமா காரை கட்டி இருந்துச்சு. வெளிப்பக்கத்துல இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது, கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சா அழகான பல்லு வரிசை. அதனால தான் யாருக்கும் தெரியல.

அப்புறம் அளவு எடுத்தேன். ஈறு நோயை அளக்காம சொல்லவே கூடாது, இதுல நான் பிடிவாதமா இருக்கேன். ப்ரோப்னு ஒரு மெல்லிசு கம்பி, மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல மெதுவா விட்டு எவ்வளவு ஆழம் போகுதுனு ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்துல பார்க்கணும். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைக்கும் போனா பயமில்ல. 4 இல்ல அதுக்கு மேல போனா அங்க ஈறு பல்லை விட்டுப் பிரிஞ்சிருக்கலாம், அதைத் தான் பாக்கெட்னு சொல்றோம். இவங்களுக்கு இடது பக்க நடுப்பல்லுல ஈறு 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு, அதுக்குக் கீழ பாக்கெட் இன்னொரு 4. ரெண்டையும் கூட்டினா 8 மில்லிமீட்டர், அதாவது அந்தப் பல்லு உள்பக்கத்துல 8 மில்லிமீட்டர் பிடிமானத்தை இழந்திருக்கு. கீழ் நடுப்பல்லோட வேரே சுமாரா 12 மில்லிமீட்டர் தான் இருக்கும். பல்லு முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல ஆடுச்சு, எங்க கணக்குல ரெண்டாம் நிலை ஆட்டம். பக்கத்துப் பல்லு கொஞ்சம் தேவலாம். இதோட கீழ் இடது கடைவாய்க்கு முன்னாடி பல்லுல ஒரு முனை உடைஞ்சிருந்துச்சு, தூக்கத்துல குண்டைக் கடிச்சிருப்பாங்க.

இவ்வளவு தான்னா பியர்சிங் கேஸ்னு எழுதி முடிச்சிருப்பேன். ஆனா மேல போய் அளந்தா, மேல் கடைவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும், அண்ணத்தைப் பார்த்த பக்கத்துல, 6 மில்லிமீட்டர். கம்பி அங்க எட்டவே எட்டாது. மேல் முன்பல்லோட உள்பக்கமும் 5. இத்தனை ஆழத்துல ப்ரோப் போயிட்டு வருது, ஒரு சொட்டு ரத்தம் வரல. ஈறு வெளுத்து, தடிச்சு, தோல் மாதிரி கெட்டியா இருந்துச்சு. இந்த மூணும் சேர்ந்து வந்தா, அதாவது மேலண்ணப் பக்கம் ஆழம், ரத்தம் இல்ல, ஈறு வெளுப்பு, எனக்கு முதல்ல தோணறது ஒண்ணு தான்.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

"இருந்துச்சு டாக்டர், 20 வயசுல ஆரம்பிச்சேன், ஆபீஸ்ல சுட்டா பிரேக்ல ஏழு எட்டு ஆயிடும். ரெண்டு வருஷம் முன்னாடி விட்டுட்டேன்."

நான் சந்தோஷப்பட்டு அப்படியே எழுதிக்கிட்டேன், முன்னாள் புகை, ரெண்டு வருஷம் ஆச்சு. இது என் தப்பு, பின்னாடி சொல்றேன்.

ரத்தம் ஏன் வரலைனு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா மொத்தக் கதையும் அதுல தான் இருக்கு. ஈறுல கிருமி சேர்ந்தா உடம்பு அங்க ரத்த ஓட்டத்தைக் கூட்டும், சின்னச் சின்ன ரத்தக் குழாய் விரியும், புதுசா முளைக்கும், வெள்ளை அணு வந்து சண்டை போடும், அதனால தான் ஈறு சிவந்து வீங்கி தொட்டா ரத்தம் வருது. அது ஒரு அலாரம். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், வருஷக் கணக்கா புகை பிடிச்சா அந்தக் குழாய் விரியற, முளைக்கற திறனே குறைஞ்சு போகும், வெள்ளை அணுவும் சரியா வேலை செய்யாது. அலாரம் வயரை அறுத்து விட்ட மாதிரி, உள்ள எலும்பு கரைஞ்சிட்டே இருக்கும், வெளிய சத்தமே இருக்காது. அதனால தான் புகை பிடிக்கறவங்க பல்லு ஆடின பிறகு தான் வர்றாங்க. போன வருஷம் கிளீனிங் பண்ணினவங்க ஈறைக் கண்ணால பார்த்திருக்காங்க, சிவப்பில்ல, ரத்தமில்ல, நல்லா இருக்குனு சொல்லியிருக்காங்க. ப்ரோப் எடுத்து ரெண்டு இடத்துல விட்டிருந்தா ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும், அது எனக்கு இன்னைக்கும் வருத்தம் தான்.

எக்ஸ்ரே எடுத்தோம், கம்பியைக் கழட்டிட்டுத் தான், இல்லைனா அதோட நிழல் பல்லு மேல விழும். கீழ் நடுப்பல்லுல வேரோட நீளத்துல சுமாரா 40 சதவீதம் எலும்பு போயிருந்துச்சு. ஈறு நோயை நிலை 1லருந்து 4 வரைக்கும், வேகத்தை ஏ பி சினும் பிரிக்கறோம், 2018ல வெளியான உலக அளவு வகைப்பாடு அது. வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு, எலும்பு எத்தனை சதவீதம் போச்சோ அதை வயசால வகுக்கணும், 1க்கு மேல வந்தா சி, ரொம்ப வேகம். 40ஐ 27ஆல வகுத்தா கிட்டத்தட்ட ஒண்ணரை. நிலை 3, வேகம் சி. அறுபது வயசுல 40 சதவீதம் போறதும் 27ல போறதும் ஒண்ணில்ல. சுகர் இருந்தாலும் இந்த மாதிரி வேகமா போகும்ங்கறதால ஹெச்பிஏ1சி பார்த்தோம், 5.4, அதுல பிரச்சனை இல்ல.

ஆக ரெண்டு நோய் ஒரே வாயில. மேல நடக்கறது புகையோட வேலை. கீழ நடுவுல நடக்கறது கம்பியோட வேலை, அதுக்கு மேல புகையும் சேர்ந்துக்கிச்சு. கீழ் முன்பல்லோட உள்பக்கம் எலும்பும் ஈறும் இயல்பாவே காகிதம் மாதிரி மெல்லிசு, அங்க ஒரு நாளைக்கு நூத்துக் கணக்குல இரும்புக் குண்டு இடிச்சா ஈறு பின்வாங்கத் தான் செய்யும். நாக்குக்கு அடியில தான் எச்சில் சுரப்பி வாசலும் இருக்கு, அதனால வாயிலயே காரை சீக்கிரம் கட்டற இடம் அது. ஈறு இறங்கின உடனே சொரசொரப்பான வேர் வெளிய வருது, அதுல காரை ஒட்டுது, காரையில கிருமி, பிரஷ் அங்க போறதில்ல, கம்பி இருக்கறதால நாக்கை அசைச்சு சுத்தம் பண்றதும் குறைவு. நீளக் கம்பி ஈறைக் கெடுக்கும், குட்டைக் கம்பி போட்டா குண்டு பின்பல்லு நடுவுல மாட்டி பல்லு முனை உடையும், பாதுகாப்பான நீளம்னு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு இல்ல. உதட்டுல குத்தினாலும் இதே கதை தான், அங்க உள்பக்கத் தட்டு பல்லோட வெளிப்பக்க ஈறை உரசும்.

முதல் நாளே கம்பி வெளிய. ரொம்ப யோசிச்சாங்க, "அக்கா, ரெண்டு நாள் எடுத்தாலே ஓட்டை மூடிடும்ல?"னு கேட்டாங்க, டாக்டர் போயி அக்கா வந்தது அப்போ தான். மூடத் தான் செய்யும், மூடட்டும்னு சொன்னேன். அடுத்த ரெண்டு வாரத்துல மரத்துப் போற ஊசி போட்டு ஈறுக்கு அடியில வேர் சுத்தம், ரெண்டு தடவையா பிரிச்சு. ஆடற பல்லுக்கு சப்போர்ட்டா கீழ் முன்பல்லு ஆறையும் உள்பக்கம் மெல்லிசு ஃபைபர் நாடா வெச்சு காம்போசிட்டால ஒட்டினேன். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் வாய்கொப்பளிப்பு ரெண்டு வாரம் மட்டும், அதுக்கு மேல போனா பல்லு பழுப்பாகும், ருசியும் மாறும். பல்லிடுக்கு பிரஷ் எப்படி விடறதுனு உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்தேன்.

எட்டு வாரம் கழிச்சு, அக்டோபர் ஆரம்பத்துல திரும்ப அளந்தேன். கீழ நடுப்பல்லுல பாக்கெட் 4லருந்து 3 ஆச்சு, ஈறு இளஞ்சிவப்பா இறுகியிருந்துச்சு, சந்தோஷம். மேல் கடைவாய்ல 6. அப்படியே 6. ஒரு மில்லிமீட்டர் கூட குறையல. காரை மிச்சமா? எக்ஸ்ரேல இல்ல, விரல்ல தடவிப் பார்த்த மாதிரி கருவி விட்டுப் பார்த்தேன், வேர் வழவழப்பு. பிரஷ் பண்றதும் நல்லா பண்றாங்க. ரெண்டு வருஷமா புகை இல்லாதவங்க ஈறு இவ்வளவு மந்தமா இருக்கக் கூடாது.

இன்னொண்ணும் பார்த்தேன். கீழ ஒட்டின காம்போசிட் மேல சாம்பல் கலர்ல கீறல், பென்சில் கோடு மாதிரி. உலோகம் உரசினா தான் அந்தக் கோடு விழும். "ராத்திரி மட்டும் போட்டுக்கறேன் அக்கா, ஓட்டை மூடிடுமேனு." கோபப்படல, ஆனா அந்தக் கோட்டை ஃபோட்டோ எடுத்துக் காட்டினேன், பகல்ல இடிச்சா நாக்கு கொஞ்சமாவது கட்டுப்பாட்டுல இருக்கும், தூக்கத்துல அதுவும் இல்ல. அன்னைக்கு கம்பியை என்கிட்டயே கொடுத்துட்டுப் போனாங்க.

அப்புறம் கேள்வியை மாத்திக் கேட்டேன். சிகரெட்டானு கேக்கல. "நிகோடின் எந்த ரூபத்துலயாவது உடம்புக்குள்ள போகுதா? ஹூக்கா, பான், கைனி, வேப், எதுவா இருந்தாலும்."

"வேப் அடிப்பேன் அக்கா. அது சிகரெட் இல்லல்ல, அதான் சொல்லல."

பொய் சொல்லல அவங்க. சிகரெட்ட விட்டாச்சுனு சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நான் தான் 2023லயும் பழைய கேள்வியைக் கேட்டுட்டு இருந்தேன். சொல்லாததுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு, 2019லருந்து இந்தியாவுல இ-சிகரெட் தயாரிக்கறது, விக்கறது, இறக்குமதி பண்றது எல்லாமே சட்டப்படி தடை, மறைமுகமா வாங்கற சாமானை டாக்டர் கிட்ட சொல்லலாமானு ஒரு தயக்கம். மாம்பழ ஃப்ளேவர், கைப்பையில எப்பவும் இருக்கும், எழுந்து பல்லு விளக்கறதுக்கு முன்னாடி முதல் இழுப்பு, ஷிஃப்ட் முழுக்க கையில. சிகரெட்டாவது வெளிய இறங்கிப் போகணும், ஒண்ணு முடிஞ்சா முடிஞ்சுது. இதுக்கு முடிவே இல்ல. தடை இருக்கறதால கண்ணு மறைவுல வர்ற சரக்கு, அட்டையில போட்டிருக்கற நிகோடின் அளவை நம்பறதுக்கும் வழி இல்ல.

வேப்ல தார் இல்ல, எரியற புகை இல்ல, அது வரைக்கும் உண்மை. சிகரெட் அளவுக்கு நீண்ட கால ஆராய்ச்சி வேப்புக்கு இன்னும் கிடையாது, அதனால ரெண்டும் ஒரே அளவு கெடுதல்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஈறுக்குத் தேவையான கேள்வி வேற: நிகோடின் போகுதா இல்லையா. போகுதுனா ரத்தக் குழாய் சுருங்கத் தான் செய்யும், அலாரம் அறுந்து தான் கிடக்கும். வேர் சுத்தம் பண்ணின பிறகு ஈறு செல்கள் அந்த வேர் மேல போய் ஒட்டணும், அப்போ தான் பாக்கெட் மூடும், நிகோடின் இருக்கற இடத்துல அந்த ஒட்டறது சரியா நடக்கறதில்ல. அதுக்கு மேல வேப் திரவத்துல இருக்கற ப்ரொபிலீன் கிளைக்கால், கிளிசரின் ரெண்டும் வாயை உலர்த்தும். இவங்களுக்கு ராத்திரி நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்னு சொன்னாங்க, ஏசி ரூம்னு நினைச்சிருக்காங்க. எச்சில் குறைஞ்சா பல்லைக் கழுவ ஆளில்லாம போகுது.

விடறதுக்கு என்ன பண்ணினோம்னு கொஞ்சம் விளக்கமா எழுதறேன், ஏன்னா "விட்டுடுங்க"னு சொல்லி அனுப்பறது வைத்தியம் இல்ல. எழுந்த அரை மணி நேரத்துக்குள்ள நிகோடின் தேடறவங்களுக்கு அடிமைத்தனம் அதிகம், அதனால 4 மில்லிகிராம் நிகோடின் கம் எழுதினேன். கம்மை பபுள் கம் மாதிரி மென்னுட்டே இருந்தா விக்கலும் நெஞ்செரிச்சலும் தான் வரும், நிறைய பேர் அதனாலயே தூக்கிப் போட்டுடறாங்க. நாலஞ்சு தடவை மெதுவா மெல்லணும், காரமா ஒரு சுறுசுறுப்பு வரும், உடனே நிறுத்தி கன்னத்துக்கும் பின்பல்லுக்கும் நடுவுல ஒதுக்கி வெச்சுடணும், சுறுசுறுப்பு அடங்கினதும் மறுபடி மெல்லணும், அரை மணி நேரம் இப்படி. கம் போடறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி காபி, ஜூஸ் கூடாது, வாயில புளிப்புத்தன்மை இருந்தா நிகோடின் சரியா உள்ள இறங்காது, இவங்க ஃபில்டர் காபி குடிச்ச கையோட கம் போட்டுட்டு "வேலை செய்யலையே அக்கா"னு சொன்னாங்க, அதை மாத்தினதும் சரியாச்சு. கம்லயும் நிகோடின் தானேனு நீங்க கேக்கலாம். ஆமா. ஆனா நாள் முழுக்க இழுக்கறதை விட அளவு குறைவு, தெரிஞ்ச அளவு, மூணு மாசத்துல படிப்படியா குறைக்கலாம். கூடவே 1800-11-2356 நம்பர் கொடுத்தேன், தேசிய புகையிலை விடுப்பு உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசறவங்க கிட்ட பேசினாங்க.

அக்டோபர் கடைசி வாரம் வேப்பைத் தூக்கிப் போட்டாங்க. நவம்பர் நடுவுல ராத்திரி பத்து மணிக்கு ஃபோன். குரல் நடுங்குது. "அக்கா, பிரஷ் பண்ணினா ரத்தமா வருது, எல்லாப் பக்கமும் வருது, விட்டதால ஈறு கெட்டுப் போச்சா?" பக்கத்துல ஊர்லருந்து வந்திருந்த அவங்க அம்மா, ஃபோனை வாங்கி, "டாக்டரம்மா, பழக்கமான உடம்பு, திடீர்னு நிறுத்தலாமா, கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தட்டுமே"னு கேட்டாங்க.

அந்த ஃபோனுக்காகத் தான் நான் காத்துட்டு இருந்தேன், முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும், விடற அன்னைக்கே. சிகரெட்டோ வேப்போ நின்ன சில வாரத்துலயே ஈறுல ரத்த ஓட்டம் திரும்ப வரும், அப்போ அடங்கிக் கிடந்த அலாரம் அடிக்க ஆரம்பிக்கும். இருக்கற வீக்கம் இப்போ தான் வெளிய தெரியுது, புதுசா நோய் வரல. அம்மா கிட்ட இப்படித் தான் சொன்னேன், மரத்துப் போன காலுக்கு உணர்வு திரும்பும்போது குத்தும்ல, அது மாதிரிமா. புரிஞ்சுக்கிட்டாங்க. நிறைய பேர் இந்த இடத்துல பயந்து போய், "சிகரெட் பிடிச்சப்போ கூட இப்படி இல்லையே"னு திரும்ப ஆரம்பிச்சுடறாங்க, நான் பார்த்திருக்கேன்.

டிசம்பர்ல மேல் பல்லுக்கு மட்டும் மறுபடி வேர் சுத்தம். அதே கருவி, அதே கை, அதே பல்லு. 2024 மார்ச்ல அளந்தப்போ 6 இருந்த இடம் ஒரு பக்கம் 4, இன்னொரு பக்கம் கொஞ்சம் கிளை வேர் இடுக்கு இருக்கறதால 5. முதல் தடவை ஒரு மில்லிமீட்டர் கூட அசையாத ஈறு. ஒரு ஆளை வெச்சு நிகோடின் மட்டும் தான் காரணம்னு நிரூபிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன், ரெண்டாவது தடவை சுத்தம் பண்ணினதுக்கும் பங்கு இருக்கும், ஆனா நடுவுல பெருசா மாறினது அது ஒண்ணு தான்.

இறங்கின ஈறுக்கு என்ன வழினு கேட்டாங்க, ஆன்லைன்ல ஈறு ஒட்டு ஆபரேஷன் பார்த்துட்டு வந்து. மேலண்ணத்துலருந்து ஒண்ணரை மில்லிமீட்டர் கனத்துக்கு தோல் எடுத்து ஒட்டறது, நானே பண்றது தான். இவங்களுக்கு வேண்டாம்னு சொன்னேன், காரணத்தோட. வேரை முழுசா மூட முடியுமானு சொல்றது ஈறு எவ்வளவு இறங்கிச்சுங்கறது இல்ல, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல எலும்பு மிச்சமிருக்காங்கறது தான். இவங்களுக்கு அந்த நடு எலும்பு போயிடுச்சு, ஒட்டு நிக்க மேடை இல்ல. அதுவும் உள்பக்கம், நாக்கு ஓயாம அசையற இடம், தையல் தாங்கறதே கஷ்டம். புகை பிடிக்கறவங்களுக்கு ஒட்டு பிடிக்கறதும் குறைவு, விட்டு அஞ்சு மாசம் தான் ஆகுது. கம்பியை எடுத்தா இறங்கறது நிக்கும், இறங்கினது ஏறாது. இதைச் சொன்னப்போ அழுதாங்க. "21 வயசுல யாராவது கண்ணாடி வெச்சு உள்பக்கம் காட்டியிருந்தா…"னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க.

பல்லை எடுத்துட்டு இம்ப்ளான்ட் வைக்கலாமானும் பேசினோம். புகை பிடிக்கறவங்களுக்குப் பல்லு எடுத்த குழியில ரத்தக்கட்டி நிக்காம எலும்பு வெறுமனே வெளிய தெரியற ட்ரை சாக்கெட் வர வாய்ப்பு அதிகம், மூணாவது நாள்லருந்து காது வரைக்கும் தெறிக்கற வலி. இம்ப்ளான்ட் தோத்துப் போறதும் அவங்களுக்குத் தான் அதிகம். எலும்பைக் கரைச்ச அதே நோய் இம்ப்ளான்ட்டைச் சுத்தியும் வரும். சொந்தப் பல்லு ஆடினாலும் நாடா போட்டு நிக்குதுனா அதை நிறுத்தி வைக்கறது தான் இப்போதைக்கு நல்லதுனு முடிவு பண்ணினோம்.

நாக்குல உதட்டுல கம்பி போட்டிருக்கறவங்க வீட்டுலயே ஒண்ணு பார்த்துக்கலாம். நாக்கை மேல தூக்கி, ஃபோன் டார்ச் அடிச்சு, கீழ் முன்பல்லோட உள்பக்கத்தை யாரையாவது ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க. நடுவுல ரெண்டு பல்லு மட்டும் பக்கத்துப் பல்லை விட நீளமா, அடியில மஞ்சளா தெரிஞ்சா ஈறு இறங்கியிருக்கலாம். உதட்டுக் கம்பினா வெளிப்பக்கம் இதே மாதிரி. புதுசா குத்தினவங்களுக்கு நாக்குக்கு அடியில ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி வீங்கி, முழுங்க கஷ்டமாகி, மூச்சு இழுக்குதுனா பல் டாக்டரைத் தேடாதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

கடைசியா 2025 பிப்ரவரில வந்தாங்க. நிகோடின் கம் நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நடுவுல ஒரு தடவை ஃப்ரெண்ட் கல்யாணத்துல ரெண்டு சிகரெட் பிடிச்சேன்னு அவங்களே சொன்னாங்க. மேல் கடைவாய்ல ஒரு பக்கம் 3, இன்னொரு பக்கம் 5 இருந்தது 4. கீழ நடுப்பல்லுல ஈறு அதே 4 மில்லிமீட்டர் இறக்கம், பாக்கெட் 2. ஃபைபர் நாடா வலது ஓரத்துல பிரிஞ்சிருந்துச்சு, கொய்யாக்காய் கடிச்சிருக்காங்க, திரும்ப ஒட்டினேன். ப்ரோப் விட்டப்போ ரெண்டு இடத்துல சிவப்பா துளி வந்துச்சு, கண்ணாடியில காட்டினேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னேன், அடுத்தது மே மாசம்னு.